சுவரின் நடுவே போகும் கல்

அம்பத்தூரில் அப்பா கட்டிய வீட்டின் தெற்குப் பக்கத்தில் பேஸ்மட்டம் வயிறு தள்ளியிருந்தது. 2015 டிசம்பரில் தெருவில் நின்ற தண்ணீர் வடிந்த பிறகுதான் அது முதலில் கண்ணில் பட்டது. தரையிலிருந்து 2 அடி உயரக் கருங்கல் கட்டு, நடுவில் மட்டும் இரண்டு விரல் கனத்துக்கு வெளியே வந்திருந்தது. பூசி மறைத்தோம். அடுத்தடுத்த மழைகளில் பூச்சு பிளந்துகொண்டே வந்தது. கடைசியில் இந்த வருஷம், மழைக்கு முன்னால் பிரித்துக் கட்டிவிடுவது என்று முடிவு செய்து, 8 அடி நீளத்துக்குக் கல்லை எடுக்கச் சொன்னேன்.

எடுத்தபோது நான் கூடவே நின்றேன். வெளிப்பக்கக் கற்கள் நல்ல கற்கள். நீலம் ஓடிய சாம்பல் நிறம், ஒன்றில்கூட விரிசல் இல்லை. ஆனால் அவற்றை எடுத்ததும் உள்ளே தெரிந்தது சுவர் இல்லை. உடைந்த செங்கல், கல் சில்லு, மண், உதிர்ந்துபோன கலவைப் பொடி. கையை விட்டேன், முழங்கை வரை போயிற்று. அதற்கப்பால் உட்பக்கக் கற்கள் தனி வரிசையாக நின்றன. ஒன்றரை அடி கனச் சுவர் என்று நாங்கள் நாற்பது வருஷத்துக்கு மேலாக நினைத்திருந்தது, அரையடிச் சுவர் இரண்டும் நடுவில் ஒரு குப்பைக்குழியும்தான். அந்த 8 அடியில் ஒரு கல்லாவது இந்த முகத்திலிருந்து அந்த முகம் வரை நீளவில்லை.

அன்று மாலை தங்கை போன் செய்தாள். பட்டாபிராமைத் தாண்டி வாங்கிப் போட்டிருந்த மனையில் அவள் 20க்கு 30 அளவில் ஒரு சின்ன வீடு தொடங்கியிருக்கிறாள். "அண்ணா, கடைக்கால்ல கல்லு கட்ட ஆரம்பிச்சாச்சு. சனிக்கிழமை வந்து ஒரு பார்வை பாரேன்" என்றாள். கையில் ஒட்டியிருந்த பொடியைத் தட்டிக்கொண்டே வருகிறேன் என்றேன். ஆனால் நேராகப் போக மனம் வரவில்லை. எங்கள் வீட்டுக் கல் வந்த இடத்தை முதலில் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று தோன்றியது.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியது. அப்பா அங்கே ஒரு பட்டறையில் டர்னர் வேலை பார்த்தவர். 1970களில் வீடு கட்டியபோது, "மாங்காட்டுப் பக்கத்துக் கல்லு" என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். மாங்காட்டுக்கும் குன்றத்தூருக்கும் இடையில் சிக்கராயபுரத்தில் கல்குவாரிகள் இருந்தன. எனவே சனிக்கிழமை காலையில் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து குன்றத்தூர் சாலையில் சிக்கராயபுரம் போய் இறங்கினேன்.

இப்போது அங்கே கல் உடைப்பதில்லை. குவாரிக் குழிகள் எல்லாம் தண்ணீர். செங்குத்தாக வெட்டப்பட்ட பாறைச் சுவர்கள் பச்சை நீரில் இறங்கி மறைகின்றன. 2017-ல் ஏரிகள் வற்றியபோது சென்னைக் குடிநீர் வாரியம் இந்தக் குழிகளிலிருந்து தண்ணீர் எடுத்துச் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்பியது. 2019 வறட்சியிலும் எடுத்தார்கள். மேற்குச் சென்னையின் எத்தனையோ வீடுகளுக்கு அடியில் போன கல்லின் இடத்தைத்தான் அந்தத் தண்ணீர் நிரப்பியிருக்கிறது.

சாலை ஓரத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்து இன்னொன்றின் மேல் போட்டு உடைத்தேன். வெளித்தோல் துருப்பிடித்த பழுப்பு நிறம், விரல் கனம். உள்ளே நீலச் சாம்பல், லேசாக எண்ணெய் தடவியதுபோல் ஒரு மினுக்கம். தென்கிழக்கே சில கிலோமீட்டர் தூரத்தில் பல்லாவரம் குன்றுகளிலும் இந்த இனத்துக் கல்தான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னையிலிருந்து போன கல்லும் இதுவே. அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் இந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். இன்று உலகம் முழுக்க அந்த வகைப் பாறைக்கு அதே பெயர். எங்கள் வீட்டில் பழுது கல்லில் இல்லை என்பது அந்த இடத்திலேயே எனக்கு உறுதியாகிவிட்டது.

திரும்பும் வழியில் பூந்தமல்லிக்கு வெளியே ஒரு கல் டிப்போவில் இறங்கினேன். பக்கத்துக் குவாரிகள் மூடிய பிறகு கல் தூரத்திலிருந்துதான் வருகிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் ஏற்றி வந்து இங்கே கொட்டி, யூனிட் கணக்கில் விற்கிறார்கள். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. டிப்போக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். வாங்க வந்தவன் இல்லை, பார்க்க வந்தவன் என்று சொல்லியும் முகம் சுளிக்காமல், கையில் இருந்த 2 கிலோ சுத்தியலை என்னிடம் நீட்டினார்.

"ஒவ்வொண்ணா தட்டுங்க சார்."

தட்டினேன். பெரும்பாலான கற்கள் கணீர் என்றன. ஒன்று மட்டும் மரத்தைத் தட்டியதுபோல் மொத்தென்றது. அவர் ஒரு சொம்புத் தண்ணீரை அந்தக் கல்லின் மேல் ஊற்றிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். வெயிலில் இரண்டு மூன்று நிமிஷத்தில் கல் காய்ந்து வெளிறியது. நடுவில் ஒரு மயிரிழை மட்டும் ஈரமாகவே, கறுப்பாக நின்றது. வெடி வைக்கும்போது உண்டான விரிசல் அது. கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தண்ணீர் காட்டிக் கொடுத்துவிடுகிறது. அப்படிப்பட்ட கல்லைச் சம்மட்டியால் அடித்து இரண்டாக்கி, இரண்டும் கணீர் என்றால் தனித்தனிக் கல்லாகக் கட்டலாம். முழுசாகக் கட்டினால் சுவருக்குள்ளேயே அது உடைந்து நிற்கும்.

பழுப்புத் தோல் கனமாக உள்ள கல்லை அவர் ஒதுக்கச் சொன்னார். அது குவாரியின் மேல்மட்டத்தில் மழையும் வெயிலும் தின்ற பகுதி. ஆணியால் கீறினால் பொடி வரும், கலவை அந்தப் பொடியைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. அதைவிட அவர் அதிகம் பேசியது வடிவத்தைப் பற்றி. ஒழுங்கில்லாத கல்லால் கட்டுவதுதான் இந்த வேலை, ஆனாலும் எந்தக் கல்லுக்கும் ஒரு படுக்கை வேண்டும். கீழே ஒரு தட்டையான முகம் இருந்தால் அது உட்காரும். உருண்டைக் கல் உட்காராது, மேலே பாரம் ஏற ஏறப் பக்கத்துக் கல்லை நெம்பும். நீளம், உயரத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போகக்கூடாது, போனால் நடுவில் முறியும். அடிப்பக்கம் அரையடியாவது அகலம் வேண்டும். உயரம் 1 அடிக்குள் இருக்கவேண்டும்.

"இதெல்லாம் பார்த்து எடுத்துட்டு, முக்கியமானதை விட்டுட்டுப் போயிடுவாங்க" என்றார். "நீளக்கல்லு. ஒன்றரை அடி, ரெண்டடி நீளத்துல. அது குவியல்ல பத்துக்கு ஒண்ணு கூட இருக்காது. லாரில ஏத்தும்போதே கேட்டு வாங்கணும். கொட்டின பிறகு தேடினா கிடைக்காது."

அம்பத்தூரில் என் கை போன குழி நினைவுக்கு வந்தது. அந்த நீளக்கல்லைப் பொறியாளர்கள் த்ரூ ஸ்டோன் என்கிறார்கள், கொத்தனார்கள் த்ரூ கல்லு என்கிறார்கள். சுவரின் ஊடே போகிற கல். இந்தக் கட்டுரையில் ஊடுகல் என்றே சொல்கிறேன்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலை காடுவெட்டிப் பக்கம் கூவத்தைக் கடக்கிறது. ஆற்றைச் சுற்றி உள்ள மண் ஒரே மாதிரி இல்லை. செம்பரம்பாக்கம் பக்கத்தில் களிமண் தட்டுப்படும். ஆவடியை நெருங்க நெருங்கத் தோண்டிப் போட்ட மண் செக்கச்செவேலென்று சரளையாக மாறும். கருங்கல் கடைக்காலுக்கு இந்த வித்தியாசம் உயிர்நாடி. கல்லும் கலவையும் பாரத்தைத் தாங்கும், வளைவதைத் தாங்காது. கோடையில் வெடித்து மழையில் உப்பும் களிமண்ணில், கடைக்காலின் ஒரு மூலை ஏறி மறு மூலை இறங்கும்போது, சுவரில் படிக்கட்டுபோல் விரிசல் ஓடும். ஏரிக்கரையை நிரவி மனை போட்ட இடத்திலும் இதே கதைதான். கடைக்கால் தோண்டும்போது அடியில் உடைந்த செங்கலும் பிளாஸ்டிக்கும் வந்தால், அது கொட்டிய மண் என்று அர்த்தம். அங்கே இன்னும் ஆழம் போய் அசல் மண்ணைத் தொடவேண்டும், இல்லாவிட்டால் கம்பி போட்ட கான்கிரீட் அடித்தளத்துக்கு மாறவேண்டும். செஞ்சரளையில் தரைத்தள வீட்டுக்கு, பின்னால் ஒரு மாடி எழுப்புவதாக இருந்தாலும், கருங்கல் கட்டு போதும். தங்கையின் மனையில் இரண்டடிக்குக் கீழே சரளை வந்துவிட்டது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

ஆவடியில் இறங்கிப் பட்டாபிராம் வழியாக மனைக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. கடைக்கால் பள்ளம் 3 அடி அகலம், மூன்றரை அடி ஆழம். அடியில் அரையடி கனத்துக்கு ஜல்லிக் கான்கிரீட் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. அதன் மேல் கல் கட்டு மூன்று படியாக ஏறும். முதல் படி இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இரண்டாவது 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம், அத்துடன் தரைமட்டம் வந்துவிடும். அதற்கு மேல் ஒன்றரை அடி அகலத்தில் 2 அடி உயரம் பேஸ்மட்டம். முதல் படி முடிந்து, இரண்டாவது படி ஓடிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி அறுபதைத் தாண்டியவர். நான் யாரென்று தங்கை சொன்னதும், "வாங்க சார், கீழ இறங்கியே பாருங்க" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

அவர் ஒரு கல் வைப்பதை முதலில் முழுசாகப் பார்த்தேன். குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து, கலவை இல்லாமல் அப்படியே இடத்தில் வைத்தார். ஆடியது. எடுத்துத் திருப்பி வைத்தார். இன்னும் ஒரு மூலை தூக்கியது. சுத்தியலால் அந்த மூலையில் ஒரு தட்டு, ஒரு சில்லு பறந்தது. மறுபடி வைத்தார், உட்கார்ந்தது. பிறகு அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, கரணையால் கலவையை அள்ளிப் பரப்பி, கல்லைக் கழுவி, அதன் மேல் இறக்கினார். சுத்தியல் பிடியால் நாலு தட்டு. கலவை ஓரங்களில் பிதுங்கி வந்தது. பக்கத்துக் கல்லுக்கும் இதற்கும் இடையில் கலவையைத் திணித்து, அதன் பிறகுதான் சில்லு ஒன்றை எடுத்து அந்தக் கலவைக்குள் அடித்து இறக்கினார்.

இந்த வரிசையில்தான் வேலை இருக்கிறது. கலவை முதலில், சில்லு பிறகு. எங்கள் வீட்டில் யாரோ இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். இரண்டு முகத்துக்கும் கல்லை நிறுத்தி, நடுவில் சில்லைக் கொட்டி, மேலே தண்ணீர்க் கலவையை ஊற்றியிருக்கிறார்கள். மேலே ஒரு விரல் கனத்துக்குக் கலவை பரவி மூடிக்கொள்ளும், கீழே காற்று நிற்கும். மேலிருந்து பார்த்தால் கெட்டியான சுவர். வருஷம் போகப்போக அந்தச் சில்லுகள் இறங்கி, ஆப்பு மாதிரி இரண்டு முகங்களையும் வெளியே தள்ளும். பேஸ்மட்டமாக இருந்தால் உள்ளே நிரப்பிய மண்ணும் மழையில் ஊறிக் கனத்து, அதே திசையில் தள்ளும். 2015-ல் எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

"கல்லைக் கழுவறது எதுக்கு மேஸ்திரி? கருங்கல்லு தண்ணி குடிக்காதே?" என்று கேட்டேன்.

"குடிக்காது சார். மேல இருக்கிற தூளுக்காகக் கழுவறோம். தூளோட வச்சா கலவை தூளைப் பிடிச்சிட்டு நிக்கும். நாளைக்குக் கல்லைத் தூக்கினா தனியா வந்துடும்." கழுவிய கல் சொட்டச் சொட்ட இருக்கக்கூடாது என்றும் சொன்னார். செங்கல் ஈரத்தை இழுக்கும், இந்தக் கல் இழுக்காது. மேலே தண்ணீர் நின்றால் கலவை வழுக்கும்.

கலவை 1க்கு 6. ஒரு சிமென்ட் மூட்டை ஒன்றேகால் கன அடி. அதே அளவுக்கு ஒரு மரப்பெட்டி செய்து, எம்-சாண்ட் ஆறு பெட்டி அளந்து போடுகிறார்கள். பாண்டில் அள்ளினால் ஒரு ஆள் கோபுரமாக அள்ளுவார், ஒரு ஆள் தட்டையாக அள்ளுவார், கலவைக்குக் கலவை மாறும். மணலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மணியும் தனித்தனியாக உறுத்தியது. கிரஷர் தூளை எம்-சாண்ட் என்று கொண்டுவந்து கொட்டுபவர்களும் உண்டு. அதைத் தேய்த்தால் உள்ளங்கையில் மாவு மாதிரி ஒட்டும். அந்த மாவுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டியிருக்கும், காய்ந்ததும் கலவை சுருங்கிக் கல்லை விட்டு விலகும்.

தண்ணீர்தான் எல்லாவற்றையும் கெடுக்கக்கூடியது. கலவை கரணையில் எடுத்தால் நிற்கவேண்டும், வழியக்கூடாது. மதியச் சாப்பாட்டுக்கு முன் குழைத்ததில் மூன்று பாண்டு மிஞ்சிப்போயிருந்தது. சாப்பிட்டு வந்த சித்தாள் அம்மா, இறுகியிருந்த அந்தக் கலவையில் தண்ணீர் ஊற்றக் குடத்தைச் சாய்த்தார். மேஸ்திரி பள்ளத்துக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார்: "அம்மா, அதுல ஊத்தாதே. போன கலவை போனதுதான். பாதை ஓரம் கொட்டிடு." தண்ணீர் சேர்த்த அரை மணி நேரத்துக்குள் கலவை கல்லுக்குப் போய்விடவேண்டும் என்பது அவர் கணக்கு. இறுக ஆரம்பித்ததைத் தண்ணீர் விட்டுத் தளர்த்தினால் குழையும், ஆனால் பிடிக்காது. பிற்பகலில் அவர்கள் அரை மூட்டை அரை மூட்டையாகத்தான் குழைத்தார்கள்.

நான் பார்க்க வந்த கல் மதியத்துக்கு மேல் வந்தது. மனையின் ஒரு ஓரத்தில், மற்றக் குவியலோடு சேராமல், நீளக்கற்கள் தனியாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் வெள்ளைப் பெயின்ட் தடவியிருந்தது. லாரி கொட்டிய அன்றே மேஸ்திரி தங்கையைக் கூட வைத்துக்கொண்டு பொறுக்கி அடுக்கியவை.

அவர் கணக்கை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். உள்சுவர், வெளிச்சுவர் எல்லாம் சேர்த்து 140 அடி ஓட்டம். 4 அடிக்கு ஒரு ஊடுகல் என்றால் ஒரு வரிசைக்கு 35. மூன்று படிக்கும் ஒவ்வொரு வரிசை. இரண்டாவது படிக்கு 2 அடி நீளக் கல் 35. பேஸ்மட்டத்துக்கு ஒன்றரை அடி நீளக் கல் 35. முதல் படி இரண்டரை அடி அகலம், அந்த நீளத்துக்குக் கல் கிடைப்பதும் கஷ்டம், தூக்குவதும் கஷ்டம். அங்கே ஒன்றரை அடிக் கல் இரண்டை எடுத்து, ஒன்றை இந்த முகத்திலிருந்தும் மற்றதை அந்த முகத்திலிருந்தும் உள்ளே விட்டு, நடுவில் அரையடி ஒன்றோடொன்று ஒட்டிப்போகும்படி வைக்கவேண்டும். அதற்கு 70. ஆக மொத்தம் 140 கல். இந்த வீடு முழுவதற்கும் 15, 16 யூனிட் கல் இறங்குகிறது. அத்தனை குவியலில் இந்த 140 கல்லைத்தான் எண்ணி எடுத்து வைக்கவேண்டியிருக்கிறது.

இரண்டு பேர் ஒரு 2 அடிக் கல்லைத் தூக்கி வந்தார்கள். ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். மேஸ்திரி அதற்கான இடத்தில் கலவையைத் தடிமனாகப் பரப்பியிருந்தார். கல்லைச் சுவருக்குக் குறுக்காக இறக்கினார்கள். இந்தப் பக்கம் நூலோடு வெள்ளை முனை, அந்தப் பக்கம் நூலோடு வெள்ளை முனை. அதன் மேல் அவர் ஏறி நின்று பார்த்தார், அசையவில்லை. அதன் பிறகு இரு பக்கத்துக் கற்களும் அதை ஒட்டி வந்து சேர்ந்தன. இந்த முகத்தைப் பிடித்து இழுத்தால் அந்த முகமும் சேர்ந்து வரவேண்டும், அதற்குத்தான் அந்தக் கல்.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதை மராட்டிய மாநிலம் கில்லாரியில் 1993 செப்டம்பர் 30 விடியற்காலை நாடு பார்த்தது. அங்கே வீடுகளின் சுவர் குறைந்த கனம் இல்லை, இரண்டடிக்கு மேல். ஆனால் உருண்டைக் கல்லை மண் குழைத்துக் கட்டி, இரண்டு முகத்தையும் இணைக்காமல் விட்ட சுவர்கள். பூமி ஆடியதும் முகங்கள் பிரிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அதே 1993-ல் வெளியான இந்தியத் தர நிர்ணய விதி ஒன்று, கல் சுவரில் 2 அடி உயரத்துக்கு ஒரு வரிசை, 4 அடி நீளத்துக்கு ஒன்று என்று ஊடுகல்லுக்கு அளவு சொல்கிறது. நீளக்கல் கிடைக்காத இடத்தில், S வடிவில் வளைத்த கம்பியையோ, நடுவில் ஒரு கம்பி வைத்து வார்த்த 2 அங்குலச் சதுரக் கான்கிரீட் கட்டையையோ வைக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. சென்னையை 2002-ல் நில அதிர்வு மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். மேஸ்திரிக்கு அந்த விதியின் எண் தெரியாது. அவர் வைக்கும் இடைவெளி அதே 4 அடிதான்.

சாயங்காலம் நான் அவரிடம் ஒரு விஷயம் கேட்டேன். கட்டி முடித்த சுவர் உள்ளே பொந்தா, கெட்டியா என்று, பிரிக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

அவர் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். இரண்டு நாளைக்கு முன்னால் முடித்த முதல் படி, பள்ளத்தின் மறுகோடியில் இன்னும் திறந்தே இருந்தது. அதன் மேல், நடுப்பகுதியில் மெதுவாக ஊற்றினார். தண்ணீர் பரவி, சின்னச் சின்னக் குழிகளில் தேங்கி நின்றது. ஐந்து நிமிஷம் கழித்தும் நின்றது. "பொந்தா இருந்தா கடகடன்னு உள்ள போய், கீழ எங்கயாவது வெளிய வரும்" என்றார். முந்தின வாரம் அம்பத்தூரில் பிரிப்பதற்கு முன்னால் இப்படி ஊற்றிப் பார்த்திருந்தால், ஒரு குடம் போதாமல் பத்துக் குடம் உள்ளே போயிருக்கும்.

இன்னொரு வழியும் சொன்னார், அது தங்கைக்குச் சொன்னது. சிமென்ட் மூட்டையை எண்ணு. இந்தக் கட்டில் மூன்றில் ஒரு பங்கு கலவை, கல் ஒழுங்கில்லாததால் அவ்வளவு இடைவெளி இருந்தே தீரும். மூன்று படியும் சேர்ந்து ஒரு அடி ஓட்டத்துக்குப் பத்து கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு ஏறக்குறைய அரை மூட்டை சிமென்ட் போகும். 140 அடிக்கு 65லிருந்து 70 மூட்டை. வேலை முடிந்ததும் இருபத்தைந்து மூட்டை மிச்சம் என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால், அந்த இருபத்தைந்து மூட்டை இருக்கவேண்டிய இடத்தில் காற்று இருக்கிறது. எண்பது, தொண்ணூறு போயிருந்தால் கல் சின்னதாகவோ உருண்டையாகவோ வந்திருக்கிறது. தங்கை சமையலறைக் காலண்டரில் தினமும் வெற்று மூட்டைகளை எண்ணி எழுதி வருகிறாள்.

ஒரு நாளைக்கு இரண்டடிக்கு மேல் ஏற்றுவதில்லை. நான்கு மணிக்கு மேல் கல் வைப்பதை நிறுத்திவிட்டு, இடுக்குகளை அழுத்தி முடித்து, மேல்பக்கத்தைச் சொரசொரப்பாகவே விட்டு, ஈரச் சாக்கைப் போர்த்தினார்கள். நாளை வரும் வரிசை அந்தச் சொரசொரப்பைப் பிடித்துக்கொள்ளும். ஏழு நாள் தண்ணீர் விடவேண்டும். பேஸ்மட்டம் முடிந்ததும், நிலத்து ஈரம் கலவை வழியாகச் செங்கல் சுவருக்கு ஏறாமல் தடுக்க, சுற்றிலும் கான்கிரீட் பட்டை ஒன்று ஓடும்.

கிளம்புவதற்கு முன் தங்கையும் நானும் பள்ளத்தின் ஓரமாகச் சுற்றி நடந்து, அன்று வைத்த வெள்ளை முனைகளை எண்ணினோம். இந்த முகத்தில் ஒன்பது. அவள் மறுபக்கம் போய் எண்ணினாள், அங்கேயும் ஒன்பது. இரண்டும் ஒத்துப்போனால்தான் கல் ஊடே போயிருக்கிறது என்று அர்த்தம். வெள்ளை அடித்த குட்டைக்கல்லை முகத்தில் மட்டும் பதித்து ஏமாற்ற முடியும், அதனால்தான் இரண்டு பக்கமும் எண்ணவேண்டும். மண் தள்ளி மூடிவிட்டால் பிறகு யாராலும் எண்ண முடியாது.

"உங்க வீட்டுக்கு எத்தனை வேணும் சார்?" என்று மேஸ்திரி கேட்டார்.

நோட்டைப் பார்க்கத் தேவைப்படவில்லை. 8 அடி நீளம், 2 அடி உயரம், ஒன்றரை அடி கனம். 4 அடிக்கு ஒன்று, ஒரே வரிசை. "ரெண்டு" என்றேன்.

தங்கை அவள் அடுக்கிலிருந்து ஒன்றரை அடிக் கல் இரண்டைத் தரச் சொன்னாள். இரண்டையும் வேறு கல்லால் ஈடு செய்துகொள்ளலாம், அடுத்த லோடு வருகிறது என்றாள். ஒவ்வொன்றும் நாற்பது கிலோவுக்குக் குறையாது. ஒரு லோடு ஆட்டோ பிடித்து ஏற்றி, ஆவடி, திருமுல்லைவாயில் வழியாக அம்பத்தூர் வந்து சேரும்போது இருட்டிவிட்டது. வாசலில் இறக்கி வைத்து, டார்ச் வெளிச்சத்தில் திறந்து கிடந்த பேஸ்மட்டத்தின் பின்முகத்தில், 2 அடியில் ஒரு கோடும் 6 அடியில் ஒரு கோடும் சுண்ணாம்பால் போட்டேன். அத்தனை வருஷமாக அந்தச் சுவரில் இல்லாமல்போனது இந்த இரண்டு கல்தான்.